'எப்படி?' என்று கேட்டுக் கார் வாங்கிய கதை

அண்ணா துறைமுக வாசலில் வாடகைக் கார் ஓட்டியவர். வெளிநாட்டுக் கார்கள் தாராளமாக வரத் தொடங்கிய காலத்தில், ஒரு கொழும்புப் பத்திரிகை ஒரு புதுக் காரை வானளாவப் புகழ்ந்திருந்தது. அண்ணா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணா, இதிலை ஒரு குறைகூட இல்லையே. மாமியார்கூட மருமகளிலை இவ்வளவு நல்லது கண்டுபிடிக்க மாட்டா" என்றேன். அதே பக்கத்தில் அந்தக் காரை விற்கும் கொம்பனியின் பெரிய விளம்பரம். கட்டுரையின் அடியில், எறும்பு எழுத்தில், எழுதியவருக்குக் காரையும் இரண்டு நாள் தங்க மலைநாட்டு விடுதியையும் கொம்பனியே தந்ததாக ஒரு வரி. இரண்டு நாள் குளிரில் ஓட்டியவனுக்கு எங்கள் உப்புக் காற்றைப் பற்றி என்ன தெரியும்?

அண்ணா யோசித்தார். "அப்ப வைச்சிருக்கிற ஆளிட்டையே கேப்பம்" என்றார்.

கிண்ணியாவில் அதே கார் வைத்திருந்த, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் வியாபாரியை, கார்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் பாதைப்படகுத் துறையில் பிடித்தோம். சுற்றிவர ஆட்கள் நின்றார்கள்.

"கார் எப்படி நானா?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்லம்."

எங்களுக்கு அது போதுமாக இருந்தது. அண்ணா பழைய காரை விற்றுப் புதியதை வாங்கினார்.

அடுத்த மாரி மழைக்குள் தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. படகில் ஏற்றி இறக்கும்போது தெறித்த உப்புத் தண்ணி செய்த வேலை. உதிரிப்பாகம் கொழும்பில்கூட இல்லை. கார் ஓடிய நாளைவிட நின்ற நாளே அதிகம். அண்ணா நானாவிடம் போய் நின்றார். அவருடைய காருக்கும் அதே நிலைதான்.

"எப்படி எண்டு கேட்டீங்க, நல்லம் எண்டேன். சுகம் கேட்டா வேற என்னத்தச் சொல்ற? கடைசியா என்ன மாத்தினீங்க, சாமான் எங்க எடுத்தீங்க எண்டு கேட்டிருந்தா எல்லாம் சொல்லியிருப்பனே தம்பி" என்றார் நானா. அவர் கண் கலங்கியிருந்ததாக அண்ணா சொன்னார். அவரில் கோபப்பட எனக்கும் ஏலாமல் போயிற்று.

காரை விற்று வேறொன்று வாங்கினால்தான் அண்ணா ஊரில் நிற்கலாம். இல்லையென்றால் வளைகுடாவுக்குச் சாரதி வேலை. ஒருவர் வாங்க வந்தார். அவரும் "கார் எப்படி?" என்றுதான் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, நல்லம் என்று சொல்லுங்கோ அண்ணா, சொல்லுங்கோ என்று மனதுக்குள் மன்றாடினேன்.

அண்ணா காருக்குள் விரித்திருந்த பாயைத் தூக்கி ஓட்டை விழுந்த தரையைக் காட்டினார். என்ன மாற்றினார், எதற்கு எவ்வளவு காலம் காத்திருந்தார் என்று கேளாததையும் சொன்னார். வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

"உங்களுக்கு விசரே?" என்று கத்தினேன்.

"அவரும் எங்களை மாதிரித்தானே பிள்ளை கேட்டவர்" என்றார்.

அண்ணா வளைகுடாவுக்குப் போனார். அங்கே யாருடையவோ காரை ஓட்டியபோது விபத்தில் செத்துப்போனார். அடக்கமும் அங்கேதான். நாங்கள் முகம்கூடப் பார்க்கவில்லை.

கார் முற்றத்தில் நிற்கிறது. இன்னும் சிலர் வந்து எப்படி என்று கேட்கிறார்கள். நான் பாயைத் தூக்கிக் காட்டுகிறேன்.