சோலைக்குள் மாலை

எனக்கு அவசரக்குடுக்கை புத்தி. அதுக்கு நான் விலை கொடுக்கல, ஏற்காடு பஜார்ல ஸ்டேஷனரி கடை வச்சிருக்கற அக்காதான் கொடுத்தாங்க.

அவங்க ஒரு வாரப் பத்திரிகைக்கு, விடையைக் குறிப்புக்குள்ளயே உடைச்சு ஒளிச்சு வைக்கற மறைகுறிப்பு குறுக்கெழுத்து அமைச்சுக் கொடுத்துக்கிட்டிருந்தாங்க. ஏற்கெனவே ஒரு குறிப்பு தப்பாப் போய், இன்னொரு தப்பு வந்தா பக்கம் வேற ஆளுக்குன்னு ஆசிரியர் சொல்லிட்டார். அதனால அச்சுக்குப் போகுமுன்ன நான் போட்டுப் பாத்துச் சொல்லணும். விடைத்தாளை ஒட்டின கவர்ல தருவாங்க. முடிச்சப்புறந்தான் பிரிக்கணும், அதுதான் ஏற்பாடு.

அந்த வாரம் மூணாவது குறிப்புலயே முட்டிக்கிட்டு நின்னேன். கவரைப் பிரிச்சுட்டேன். விடையப் பாத்துக்கிட்டே மிச்சத்தையும் நிரப்பி, "எல்லாம் நொம்ப நல்லா இருக்குதுங்க்கா" ன்னு சொல்லிட்டேன்.

திங்கக்கிழமை நான் வேலை பாக்கற நாகலூர் எஸ்டேட் ஆபீஸ்ல உக்காந்து, அந்தப் புதிர்ல எனக்குப் பிடிச்ச குறிப்பை மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். 'சோலைக்குள் மாலை வந்தால் சாப்பாடு.' விடை ஆகாரம். மாலைன்னா ஆரம், சோலைன்னா கா. ஆரத்துக்கு நடுவுல கா நுழைஞ்சாத்தான் ஆகாரம். குறிப்போ தலைகீழா, சோலைக்குள்ள மாலைங்குது. கா ஒத்தை எழுத்து, அதுக்குள்ள எதை நுழைக்கறது? விடை தெரியாம போட்டிருந்தா அங்கயே மாட்டியிருக்கும்.

மணி ஒண்ணே முக்கால். மூணு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகுது. போன் போகல. ஓடிப் போய் பஸ் பிடிச்சேன்.

கடைக்குள்ள நுழையறப்ப ரெண்டே முக்கால். குறிப்பு தலைகீழா இருக்கறதைச் சொன்னேன். அக்கா சிரிச்சாங்க. "இம்புட்டுத்தானுங்களா? 'மாலைக்குள் சோலை வந்தால்'னு மாத்திட்டாப் போச்சு." போனை எடுத்தவங்க நிறுத்தினாங்க. "ஆமா, போட்டுப் பாக்கறப்ப இது எப்படிங்க தப்புச்சு?"

கவனிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சது. வாய் வரல. கவரைப் பிரிச்சதைச் சொல்லிட்டேன்.

"அப்ப மத்த குறிப்பெல்லாம்?"

"எதையும் போட்டுப் பாக்கலைங்க."

கோவப்பட்டுத் திட்டியிருக்கலாம். திட்டல. அவங்களுக்கும் விடை தெரியும், எனக்கும் தெரியும். இனி எங்க ரெண்டு பேராலயும் சோதிக்க முடியாது, வேற ஆளைத் தேட நேரமும் இல்ல. ஆசிரியரைக் கூப்பிட்டு, "இந்த வாரப் புதிரைப் போடாதீங்க, சரிபாக்கலைங்க" ன்னாங்க. என் பேரை எடுக்கவே இல்ல. எதிர்ப்பக்கம் அவர் என்னவோ நீளமாப் பேசினார். "சரிங்க, வேற ஆளையே பாத்துக்கங்க" ன்னு போனை வச்சாங்க.

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அக்கா கல்லாவுக்குப் பின்னால உக்காந்து, ஒரு பிள்ளைக்குக் கோடு போட்ட நோட்டு எடுத்துக் கொடுத்தாங்க. அப்புறம் என்னைப் பாத்து, "கவனிக்கலைன்னு சொல்லியிருந்தீங்கன்னா நம்பியிருப்பேனுங்க" ன்னாங்க.