இரண்டு முழத் துண்டு

எண்பதுகளில் திருத்தணி மாதர் சங்கத்தில் பேசப் போனேன். இரண்டு சோப்புத்தூள் பாக்கெட்டுகளைத் தூக்கிக் காட்டினேன். உயரம் ஒன்றுதான். பழையது ஐந்நூறு கிராம், பத்து ரூபாய். புதியது நானூறு கிராம், ஒன்பது ரூபாய். புதியதுதான் மலிவு என்றார்கள். நூறு கிராமுக்கு வகுக்கச் சொன்னேன். பழையது இரண்டு ரூபாய், புதியது இரண்டேகால். கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்த்தார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

கடைசியில் தறிக்காரரான தலைவி எனக்குத் துண்டு போர்த்தினார். அதற்கு முந்தின வருஷம் அங்கே பேசியவருக்கு நாலு முழம் போர்த்தியதைப் பார்த்தவள் நான். விடுவேனா? அங்கேயே முழம் போட்டேன். இரண்டுதான்.

"சுருங்கிடுச்சே?" என்றேன்.

"ஆங், அவங்க ஒரு மணி நேரம் பேசினாங்க. நீங்க அரை மணிதானே பேசினீங்க? வகுத்துப் பாருங்க, ரேட்டு ஒண்ணுதாங்க."