சனிக்கிழமைக்குத் தள்ளிய அத்தியாயம்

அச்சகத்தில் அவருக்குக் கமா என்று பட்டப்பெயர். முப்பது வருஷம் அடுத்தவர் எழுத்தில் பிழை பார்த்தவர். கமா கைக்குப் போனால் கல்யாணப் பத்திரிகைகூடத் திருந்தித்தான் வரும் என்று அச்சுக் கோக்கிறவர்கள் கேலி செய்வார்கள். ஓய்வு பெற்ற பிறகு தானே ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்தார். அவரும் மனைவியும் குடியிருந்த எட்டு வாடகை வீடுகள், அவள் போன பிறகு அவர் தனியாக வந்து சேர்ந்த ஒன்பதாவது வீடு, இவ்வளவுதான் கதை.

பதிப்பகத்து ஆசிரியை அவர் மகள் வயதுக்காரி. கறாரானவள். முதல் நாளே அட்டவணை போட்டுக் கொடுத்தாள். அறுபதாயிரம் சொல், இருபது வாரம். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் அறுநூறு. சனிக்கிழமை, விட்டுப்போன பாக்கியை எழுதித் தீர்க்க. ஞாயிறு ஓய்வு.

"சார், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நேத்து எழுதினத இன்னைக்குத் திருத்தக் கூடாது. முழுசா முடிச்சிட்டு வாங்க, அப்புறம் சேர்ந்து வெட்டலாம்."

"நாய் வால நிமிர்த்தப் பாக்குறீங்க" என்றார் அவர். ஆனாலும் பன்னிரண்டு வாரம் வால் நிமிர்ந்தே இருந்தது. காலை ஐந்தரைக்கு உட்காருவார், ஏழரைக்கு எண்ணிக் குறிப்பார். ஒழுகிய கூரை, சண்டைக்கார வீட்டுக்காரி, நாலாவது வீட்டில் மாடிப்படிக்கு அடியில் மனைவி வைத்திருந்த தையல் மெஷின், எல்லாம் தடதடவென்று வந்தன. முப்பத்தாறாயிரம் சேர்ந்தது. சனிக்கிழமைகள் சும்மாவே கிடந்தன.

பதின்மூன்றாவது வாரம் வண்டி நின்றது. தினம் அறுநூறு எழுதினார், மறுநாள் காலை அத்தனையையும் அழித்தார். சனிக்கிழமையும் அப்படியே போயிற்று. இரண்டு வாரத்தில் மிஞ்சியது முன்னூறு சொல். நாற்பத்திரண்டாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் ஐயாயிரத்து எழுநூறு பாக்கி விழுந்திருந்தது. மழைக்கால அச்சு வரிசையில் அவர் புத்தகத்துக்கு ஒதுக்கிய இடம் போனால் அடுத்த வருஷம்தான்.

ஆசிரியை அவரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தாள்.

"எதை சார் தினம் எழுதி அழிக்கிறீங்க?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எட்டாவது வீடு. அவ ஆஸ்பத்திரில போன நாள். பத்து நாப்பதுக்குப் போனா. நான் அங்க இல்ல, அச்சகத்துக்குப் ப்ரூஃப் குடுக்கப் போயிருந்தேன். எழுதுறப்ப அது பதினொண்ணரை ஆயிடுது. மறுநாள் திருத்துனா பன்னெண்டு. முந்தாநாள் எழுதினதுல நான் நேரத்துக்கு வந்து சேந்துட்டேன்மா. என்னைப் பாத்துச் சிரிச்சா."

சமாதானம் சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார் என்று ஆசிரியைக்குத் தெரியும். புதுத் தாளை இழுத்துக் கணக்குப் போட்டாள். மீதி இருபத்து மூவாயிரத்து எழுநூறு, கையில் ஆறு வாரம்.

"இனிமே தினம் எழுநூறு. சனிக்கிழமையும் நானூத்தி அம்பது எழுதணும். ஞாயித்துக்கிழமை மட்டும் தொடாதீங்க. அந்த நாளுக்கு ஒரு பக்கம் வெறுமையா விட்டுட்டு ஒன்பதாவது வீட்டுக்குப் போயிடுங்க சார். கடைசி சனிக்கிழமை திரும்பி வரலாம்."

அவர் போனார். ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு, மூட மறந்த குழாயைத் திட்ட ஆளில்லாத வீடு. எழுநூறு எழுநூறாக அவளில்லாமல் எழுதினார். அவள் இல்லாததைப் பற்றி எழுத இவ்வளவு இருக்கிறதே என்று அவருக்கே வியப்பு. வெள்ளி தவறாமல் எண்ணிக்கையை அனுப்பினார். ஒவ்வொரு முறையும் அந்த வெற்றுப் பக்கத்தைத் தாண்டும்போது அவளைத் தெருவில் நிற்க வைத்துவிட்டு வந்த மாதிரி மனசு அடித்துக்கொண்டது. திரும்பிப் போக ஏங்கினார், போகவும் பயந்தார்.

கடைசி சனிக்கிழமை ஐந்தரைக்கு உட்கார்ந்தார். எழுதினார்.

'வியாழக்கிழமை காலை கட்டிலோரம் நாற்காலியைக் காட்டி, பத்து நிமிஷம் உட்காருங்களேன் என்றாள். கையில் ப்ரூஃப் இருந்தது. பாக்கி வேலை கிடக்கிறது, சனிக்கிழமை உட்காரலாம் என்றேன். பத்து நாற்பதுக்குப் போய்விட்டாள்.'

அதற்குமேல் கொஞ்சம்தான் வந்தது. எண்ணினார். நூற்றெண்பது. ஆசிரியைக்குப் போன் செய்தார்.

"இருநூத்தி எழுபது குறையுதும்மா."

"குறையட்டும் சார். திருத்தினீங்களா?"

"இல்ல. ஒரு கமாகூட மாத்தல."

போனை வைத்துவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலோரம் போட்டார். கையில் ஒன்றும் இல்லாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார்.