ஐந்து நிமிடம் காணவில்லை

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் அவளுக்குச் செய்முறை விளக்குநர் வேலை. அதற்கு மேல் கல்லூரித் திரைப்படக் கழகத்தின் ஒருங்கிணைப்பாளர். பதினோரு ஆண்டுகளில் இருநூற்று நாற்பத்தாறு படம் திரையிட்டிருந்தாள். குடுவையில் அளவு பார்க்கும் கண்ணோடுதான் படத்தையும் பார்ப்பாள்.

அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் முதல்வர் கூப்பிட்டார்.

"படம் போடறீங்க, பசங்க பாக்கறாங்க, போறாங்க. அதை வீட்லயே பாத்துக்கலாமே? படம் எடுத்தவர் யாராவது வந்து பேசணும். இந்தப் பருவத்துக்குள்ள வரலேன்னா வெள்ளிக்கிழமை அரங்கத்தை நடனக் குழுவுக்குக் கொடுத்துடுவேன்."

"வருவார் சார்" என்றாள். யார் என்று அப்போது அவளுக்கே தெரியாது.

அவள் தேர்ந்தெடுத்தது, எந்தக் கல்லூரிக்கும் போய்ப் பேசாத ஓர் இயக்குநரை. முதல் கடிதத்தில் அவருடைய படத்தைப் புகழ்ந்து மூன்று பத்தி எழுதினாள். பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளரான கணவர் வாங்கிப் படித்தார்.

"ஏம்மா, அவர் எடுத்த படம் எப்படி இருக்குன்னு அவருக்குத் தெரியாதா? எத்தனை மணிக்கு வரணும், எத்தனை மணிக்கு விடுவீங்க, அதைக் காணோமே."

அது உறைத்தது. அதை அனுப்பாமல் எழுதிய இரண்டாம் கடிதத்தில் புகழ்ச்சி ஒரே வரி. மற்றதெல்லாம் விவரம். நாள், வெள்ளிக்கிழமை. அரங்கில் நூற்றெண்பது இருக்கை. நுழைவுக் கட்டணம் கிடையாது. படத்தின் உரிமை தயாரிப்பாளரிடம் இருப்பதால் அவரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கியாயிற்று, நகல் இணைப்பில். இரண்டு மணிக்கு முதல்வர் வரவேற்பு, ஐந்து நிமிடம். பிறகு படம். இடைவேளை இல்லை, கடைசிப் பெயர் மறையும்வரை விளக்கு போட மாட்டோம். தொடர்ந்து நாலு ஐம்பது வரை கலந்துரையாடல். ஐந்து மணிக்குக் கல்லூரிப் பேருந்து. கேள்விகளை நெறிப்படுத்துபவர் படத்தை இரண்டு முறை பார்த்த வரலாற்று ஆசிரியை. பேச்சைப் பதிவு செய்யலாமா என்பது உங்கள் விருப்பம். பயண ஏற்பாடு எங்களுடையது. பதினைந்தாம் தேதிக்குள் பதில் வேண்டும்.

நேரக் கணக்குப் போட, கழகத்திலிருந்த அந்தப் படத்தின் டிவிடி வட்டை ஓட்டி, கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தாள். நூற்றுப் பத்தொன்பது நிமிடம். தயாரிப்பாளர் அனுப்பிய தாளில் நூற்று இருபத்து நாலு. மறுபடி ஓட்டினாள். அதே பத்தொன்பது.

கடிதத்தின் அடியில் சேர்த்தாள்: "எங்களிடமுள்ள பிரதியில் ஐந்து நிமிடம் இல்லை. வெட்டியது எந்தக் காட்சி என்று தெரிவிக்கவும். முழுப் பிரதி கிடைக்காமல் திரையிட எங்களுக்கு விருப்பமில்லை."

"இது அழைப்பா, நோட்டீஸா?" என்றார் கணவர்.

"ரெண்டும்."

பதினான்காம் தேதி காலை ஆய்வகத்தில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. இயக்குநரே பேசினார்.

"என் படத்துல அஞ்சு நிமிஷம் காணோம்னு எழுதினது நீங்கதானா?"

"ஆமா சார். ரெண்டு தடவை பாத்தேன்."

"ஒரு காட்சிகூட வெட்டலம்மா. தியேட்டர்ல விநாடிக்கு இருபத்து நாலு படச்சட்டம் ஓடும். அந்த வட்டு இருபத்தஞ்சுல ஓடுது. படம் முழுக்க இருக்கு, கொஞ்சம் வேகமா இருக்கு. அவ்வளவுதான்."

அவள் மனத்துக்குள் வகுத்துப் பெருக்கினாள். கணக்குச் சரியாக வந்தது. "அப்ப நான் எழுதினது தப்பு சார்."

"தப்புதான். ஆனா அந்த வேகத்துல என் கதாநாயகி குரல் கீச்சுன்னு ஆயிடுச்சு. நடை ஓட்டமாயிடுச்சு. எத்தனையோ இடத்துல போட்டாங்க, யாரும் கேக்கல. நீங்க ஒருத்தர்தான் கடிகாரம் வச்சுப் பாத்திருக்கீங்க. நான் வரேன். சரியான பிரதியை முதல் நாளே கொடுத்தனுப்பறேன், ஓட்டிப் பாத்துடுங்க. உங்க படம் காட்டற கருவியும் இருபத்து நாலுல இருக்கணும்."

வைத்த கையோடு முதல்வர் அறைக்குப் போனாள்.

"வரார் சார். ஆனா படம் நாம போட்ட கணக்கைவிட அஞ்சு நிமிஷம் நீளம். பேருந்து நிக்காது, கலந்துரையாடலைக் குறைக்க முடியாது."

"அப்புறம்?"

"உங்க வரவேற்பு அஞ்சு நிமிஷம்."

முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் அரங்கம், என் கல்லூரி, நான் பேசக் கூடாதா?"

"முதல் வரிசைல இடம் போட்டிருக்கேன் சார். கேள்வி கேக்கலாம்."

வியாழக்கிழமை பிரதி வந்தது. அன்று மாலையே கருவியை இருபத்து நாலுக்கு மாற்றி முழுக்க ஓட்டினாள். நூற்று இருபத்து நாலு நிமிடம். கதாநாயகியின் குரல் தணிந்து, நிதானமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு விளக்கு அணைந்தது. நூற்றெண்பது இருக்கைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மீதிப் பேர் படிக்கட்டில். நாலு மணி நாலு நிமிடத்துக்கு விளக்கு வந்தது. இயக்குநர் நாற்காலியை மேடை ஓரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். மாணவர்கள் விடவில்லை. நாலு நாற்பத்தைந்துக்கு முதல்வர் கையைத் தூக்கினார்.

"படத்துல அந்த அம்மா கடைசி வரைக்கும் வீட்டுக் கதவைச் சாத்தவே மாட்டேங்கறாங்களே, ஏன்?"

இயக்குநர் சிரித்தார். "இதுவரைக்கும் யாரும் கேக்காத கேள்வி இது." அதற்கு நாலு நிமிடம் பதில் சொன்னார்.

ஐந்து மணிக்குப் பேருந்து கிளம்பியது. வாசலில் முதல்வர் அவளிடம் வந்தார்.

"அடுத்த பருவத்துக்கு அரங்கம் கேட்டு எப்ப எழுதப் போறீங்க?"

"எழுதி உங்க மேஜை மேல வச்சிருக்கேன் சார். கையெழுத்துதான் பாக்கி."