நூலைத் தாண்டிய பாதரசம்

மலாயாவில், பெக்கோக் ரப்பர் தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டு உலர்த்தி உலர்த்தி வெள்ளையம்மாவின் கைக்குச் சூடே உறைப்பதில்லை. ஒரு மழை நாளில் அந்தக் கையால் தான் குடியிருந்த லயத்து அறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்தது. ஜன்னலை அடைத்து, பிள்ளைக்குக் கம்பளி போர்த்திவிட்டு வேலைக்குப் போனாள். திரும்பியபோது பிள்ளை வேர்வையில் நனைந்து மூச்சடங்கிப்போயிருந்தது.

பிறகு அவளைப் பிள்ளைக்கொட்டகை ஆயாவாகப் போட்டார்கள். அங்கே வெயில் படாத சுவரில், தொட்டில் உயரத்தில், தெர்மாமீட்டர் தொங்கியது. எழுபத்தெட்டு டிகிரி பாரன்ஹீட்டில், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் சிவப்பு நூல் கட்டியிருந்தார். பாதரசம் அதைத் தாண்டினால் ஜன்னலைத் திறந்து போர்வையை எடுத்துவிட வேண்டும்.

“கை வச்சுப் பாருங்கக்கா, குளிருதுலா,” என்று பால்வெட்டுக்குக் கிளம்பிய அங்கம்மா தன் பிள்ளைக்குப் போர்வையை நீட்டினாள்.

பாதரசம் நூலுக்கு மேலே நின்றது. வெள்ளையம்மா போர்வையை வாங்கவில்லை.

“இந்தக் கைய நம்பித்தான் எம்பிள்ளையப் பொதைச்சேன்.”