நோட்பேடில் வராத பன்னிரண்டு வருடம்

திருச்செங்கோடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஆள் அகலத்துக்கு என் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், கல்யாணப் பத்திரிகை டிசைன். பத்தாவதோடு படிப்பு நின்றது. கணினியைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். யாரிடமும் அதிகம் பேசி எனக்குப் பழக்கமில்லை. எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பேன். பெரும்பாலான நாட்களில் அதில் காகிதக் கட்டுதான் உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கட்டை வாரம் ஒருமுறை கீழே இறக்கிவைப்பேன். நூல் மில் லேபில் வேலை பார்த்த ஒரு பெண்மணிக்காக. பன்னிரண்டு வருடம் நூலின் பலமும் முறுக்கும் சோதித்தவர். மில்லை மூடிவிட்டதால் கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை தேடினார். அவருடைய பயோடேட்டாவை நான்தான் செய்து கொடுத்தேன். பக்கத்தை நெடுக்காகப் பிரித்து இரண்டு பத்தி, வட்டத்துக்குள் போட்டோ, போன் எண்ணுக்குப் பக்கத்தில் குட்டிப் போன் படம். நூல் சோதனையில் அவர் எவ்வளவு கெட்டி என்று காட்ட ஐந்து நட்சத்திரம். பத்திரிகைக்குக்கூட நான் அவ்வளவு நேரம் செலவிட்டதில்லை.

மூன்று மாதத்தில் எட்டு மில்லுக்கு என் கடையிலிருந்தே அவரவர் இணையத்தளத்தில் பாரம் நிரப்பி, பயோடேட்டாவை ஏற்றி அனுப்பினோம். ஒருவரும் கூப்பிடவில்லை. அவர் வருத்தத்தோடு வந்துபோவார். அவர் வருகிறார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றார். அவரோடு முன்பு வேலை பார்த்த ஒருத்தி இப்போது அந்த எட்டில் ஒரு மில்லின் ஆபீசில் இருக்கிறாளாம். அவளிடம் போனில் கேட்டிருக்கிறார். விண்ணப்பங்களை அங்கே முதலில் ஒரு மென்பொருள் படிக்கிறது. எழுத்துகளை உருவி எடுத்து, வேலை, அனுபவம், படிப்பு என்று பிரித்து வைக்கிறது. ஆபீசில் உள்ளவர்கள் "நூல் சோதனை" என்று தேடினால் அந்த வார்த்தை இருப்பவர்கள் மட்டும் வரிசையாக வருவார்கள். ஒவ்வொருவருடைய காகிதத்தையும் திறந்து பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

"பாரத்துல நாம அடிச்ச பேரும் நம்பரும் இருக்குதாமுங்ண்ணா. அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்லையாமா. வெறும் வெள்ளை," என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "பத்திரிகையாட்டம் அடிச்சுக் குடுத்துட்டீங்க. எனக்கென்னுங்க, கல்யாணமா?" என்றார்.

சனிக்கிழமையோடு அந்த மில்லில் ஆள் எடுப்பது முடிகிறது, அதற்குள் வேறொன்று ஏற்றினால் பார்க்கலாம் என்று தோழி சொல்லியிருக்கிறாள்.

கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகல் எடுத்து, வெறும் எழுத்தை மட்டும் காட்டும் நோட்பேடில் ஒட்டினேன். ஒரு எழுத்தும் விழவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்திரிகையை அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்தையெல்லாம் 'கர்வ்' பண்ணிவிடுவோம். நம் எழுத்துரு அவர்களிடம் இல்லாவிட்டால் பெயர்கள் கட்டம் கட்டமாகிவிடும். அதனால் எழுத்தைக் கோடாக, படமாக மாற்றி அனுப்புவது வழக்கம். கை பழகிய பழக்கத்தில் இவருடையதையும் அப்படியே மாற்றியிருக்கிறேன். கண்ணுக்கு எழுத்து, அந்த மென்பொருளுக்கு வெறும் கோடு.

மாற்றாமல் ஒருமுறை சேமித்துப் பார்த்தேன். இப்போது எழுத்து வந்தது. ஆனால் இரண்டு பத்தியையும் குறுக்கே படித்ததுபோல், மில் பெயருக்கு நடுவில் 'தமிழ், ஆங்கிலம்' வந்து நுழைந்திருந்தது. நட்சத்திரங்கள் இருந்த இடம் காலி.

அவரிடம் சொல்லாமல் சரிசெய்து கொடுத்திருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது. "தப்பு என்னோடதுங்க. எழுத்தையெல்லாம் படமா மாத்தினது நாந்தான். எட்டு மில்லுக்கும் அப்படித்தானுங்க போயிருக்குது," என்றேன். அவ்வளவு நீளமாக நான் பேசியது எனக்கே புதிதாக இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "சரி, அடிங்க," என்றார்.

வேர்டில் புதிதாக அடித்தேன். ஒரே பத்தி. பெயர், அதற்கு அடுத்த வரியில் போன் எண். 'ஹெடர்' என்கிற மேல்விளிம்புப் பகுதியில் வைத்தால் சில மென்பொருள் அதைப் படிக்காது என்று இணையத்தில் போட்டிருந்ததால், சாதாரண வரியாகவே வைத்தேன். கட்டமில்லை, படமில்லை. நட்சத்திரத்துக்குப் பதில், 'நூல் சோதனை, பன்னிரண்டு வருடம்' என்று ஆங்கிலத்தில் வார்த்தையாக எழுதினேன். நோட்பேடில் ஒட்டினேன். வரிசை மாறாமல் எல்லாம் விழுந்தது. ஏற்றினோம். அந்தத் தளத்தின் கட்டங்கள் தாமாகவே நிரம்பின. முன்பு அவை காலியாக இருந்தபோது, தளம்தான் சரியில்லை என்று நான் சொல்லியிருந்தேன்.

அடுத்த வாரம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கிளம்பும் முன் வந்தவர், "கையில குடுக்கறதுக்கு அந்த அழகானதையே எடுத்துக் குடுங்ண்ணா. ஆளுதானே பாக்கறாங்க," என்றார். கெட்டித் தாளில் எடுத்துக் கொடுத்தேன்.

வேலை கிடைத்துவிட்டது என்று செய்தி அனுப்பினார். 'சந்தோஷமுங்க' என்று பதில் போட்டேன். வேறு ஏதாவது எழுதலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். எழுதவில்லை.

நான் செய்து கொடுத்த பழைய பயோடேட்டாக்கள் கணினியில் நிறைய இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, எண்ணைப் பார்த்து, கூச்சத்தோடு போன் செய்து, வந்து மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். சிலர் எடுப்பதில்லை. சிலர் யாரென்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். காகிதக் கட்டு மறுபடி நாற்காலிக்கு வந்துவிட்டது. யாராவது வருகிறேன் என்றால் இறக்கிவைக்கிறேன்.