தரையில் மல்லாந்து கிடப்பவள்

அந்தப் படத்தின் மேல் மனோகரி கால் வைப்பதில்லை. கதவுக்கு நேரே நாலு எட்டில் கடந்துவிடலாம். அவள் சுவரோரமாகச் சுற்றித்தான் போவாள். சுவிற்சர்லாந்தின் லுசேர்ணில், வருபவர்களின் மேலங்கிகளை நான் வாங்கி வைக்கும் இந்தச் சின்ன அருங்காட்சியகத்தின் இரண்டாம் கூடத்துத் தரை முழுக்கத் திபெத்தின் வரைபடம். அதன் மேல் மல்லாந்து கிடக்கிறாள் ஓர் அரக்கி. தோள், இடுப்பு, முழங்கை, முழங்கால், உள்ளங்கை, பாதம் என்று உடம்பெல்லாம் கோயில்கள், ஆணி அறைந்ததுபோல. நெஞ்சில் லாசாவின் பெருங்கோயில். சனங்கள் அந்த நெஞ்சில் ஏறி நின்று படமெடுக்கிறார்கள்.

"இறங்கி நிண்டு பாருங்கோவன். உயிரோடதான் கிடக்கிறா," என்பாள் தமிழர் வந்தால். மற்றவர்களுக்கு அதையே டொச்சில், இந்த ஊர் ஜெர்மன் மொழியில், இன்னும் மரியாதையாகச் சொல்வாள்.

பக்கத்துச் சூக் நகரில் பிறந்தவள். கிழமை நாட்களில் பள்ளியில் வரலாறு. சனிக்கிழமை இங்கே வழிகாட்டி. சூப்புக் கோப்பையில் தேத்தண்ணி குடிப்பாள். கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். ஆட்கள் தாங்களாகவே கிட்டப் போய்க் கேட்பார்கள்.

அவள் சொல்கிற கதையில் யாரும் லேசில் தப்புவதில்லை. ஏழாம் நூற்றாண்டில் சொங்சென் கம்போ என்ற மன்னன் நேபாளத்திலிருந்தும் சீனத்திலிருந்தும் இளவரசிகளை மணந்தான், அவர்களோடு புத்தர் சிலைகள் வந்தன என்கிறது மரபு. நிலமே ஓர் அரக்கி, புது மதத்துக்கு அடங்க மாட்டாள் என்று சீன இளவரசி குறி பார்த்துச் சொன்னாளாம். அவளை அசையாமல் அழுத்தி வைக்கத்தான் இந்தக் கோயில்கள். ஆனாலும் அரசர்களை அடக்கம் செய்ததும் தெய்வங்களுக்குப் பலி கொடுத்ததும் பழைய பூசாரிகள்தான். அந்தப் பழைய வழியைப் பின்னாளில் பொன் மதம் என்றார்கள்; தங்கமல்ல, அது திபெத்தியச் சொல்.

"கோயில் கட்டினவுடனே நாடு மாறேல்லை," என்று இங்கே ஒரு நிறுத்தம். அடுத்த நூற்றாண்டில் திரிசோங் தெட்சென் பட்டத்துக்கு வந்தபோது சிறுவன். பழைய தெய்வங்களின் பக்கம் நின்ற அமைச்சர்கள் பௌத்தத்தைத் தடை செய்து பிக்குகளைத் துரத்தினார்கள். வளர்ந்த மன்னன் இந்தியாவிலிருந்து சாந்தரட்சிதரை அழைத்தான். வெள்ளம் வந்தது, அரண்மனையில் இடி விழுந்தது; தெய்வங்களுக்குக் கோபம் என்று அவரை நேபாளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய யோசனைப்படி அடுத்து அழைக்கப்பட்டவர் மந்திரவாதி பத்மசம்பவர். அவர் மலைத் தெய்வங்களைக் கொல்லவில்லை. சத்தியம் வாங்கிப் புது மதத்துக்குக் காவல் வைத்தார். சம்யே விகாரை எழுந்தது. திபெத்தியர் ஏழு பேர் முதன்முதலாகத் துறவு பூண்டார்கள். மன்னன் பௌத்தத்தைக் காப்பதாகச் சத்தியம் செய்து கல்லில் வெட்டினான், அமைச்சர்களையும் சத்தியம் செய்ய வைத்தான். விகாரைக்கு மானியம் ஒதுக்கினான். பொன் பூசாரிகளுக்கு மதம் மாறு, அல்லது நாட்டை விடு என்று சொன்னதாகப் பொன் மதத்தவரின் நூல்கள் இன்றும் மனம் கசந்து எழுதுகின்றன.

போன மாதம் ஒரு தமிழ்ச் சங்கம் வந்தது. தலைவர் மகேந்திரன் அண்ணைக்குக் கதையில் பூசாரிகளைத் துரத்தும் இந்தக் கட்டம் நன்றாகப் பிடித்துவிட்டது. "பாத்தியளோ, எங்க போனாலும் உந்தப் புத்த சமயக்காரரின்ர வேலை இதுதான்."

"அண்ணை, முதல் துரத்துப்பட்டது ஆர்? பிக்குமார். அதைக் கேக்கேக்க ஏன் தலையாட்டேல்லை?"

"நீர் ஆரின்ர பக்கம், பிள்ளை?"

"சிம்மாசனத்தில ஆர் இருக்கினமோ, அவைக்கு மற்றப் பக்கம். இண்டைக்குச் சமயத்தை மாத்துங்கோ, நாளைக்கும் அங்கதான் நிப்பன்."

பெரியவர் போகும்போது என்னிடம் மேலங்கி வாங்கிக்கொண்டே முணுமுணுத்தார்: "வாய்க்காரி."

அடுத்த கிழமை மறுபக்கத்திலிருந்து, பௌத்தர்கள் சிலரிடமிருந்து, முறைப்பாடு வந்தது. இவள் பௌத்தத்தை இழிவுபடுத்துகிறாளாம். அருங்காட்சியகத்தின் பணிப்பாளர் அவளை என் மேசைக்கு முன்னாலேயே நிறுத்தி, மிக அன்பாக, "புரிகிறது, நீங்கள் இலங்கைத் தமிழர். அந்தக் காயம்," என்றார். இனி அச்சிட்ட அட்டையை வாசித்தால் போதும். முடியாதென்றால் சனிக்கிழமைகள் வேறு ஆளுக்கு. அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: மன்னர் கருணையின் ஒளியைக் கண்டார், மக்கள் பேய்களைக் கைவிட்டு அமைதியாகப் புதுநெறியை ஏற்றனர்.

அவர் போனபின் அவள் பேசியது, கிட்டப் போனபிறகுதான் எனக்கே கேட்டது. "நூற்றைம்பது வருசச் சண்டையை ரெண்டு வரியில துடைச்சுப் போட்டு, எனக்குக் காயமாம். பள்ளியில பாடத்திட்டம் வாயைக் கட்டுது. வாய் திறந்து கதைக்க எனக்கு இருக்கிறது இந்த ஒரு நாள், தம்பி."

அதையும் பிடுங்கத்தான் கருணையின் பெயரில் ஓர் அட்டை.

இந்தச் சனிக்கிழமை இருபது பேர் வந்து கூடத்தில் காத்திருந்தார்கள். பணிப்பாளர் அவளுக்கு முன்பே வந்து, நல்ல வெளிச்சமான இடமாகப் பார்த்து, அரக்கியின் நெஞ்சில் நின்றுகொண்டு அட்டையை நீட்டினார். மனோகரி சுவரோரமாகச் சுற்றி வந்தாள். படத்தின் ஓரத்தில் நின்று எட்டிக் கை நீட்டினாள். அட்டையைத் தாண்டிப்போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, உயரமான பஸ்ஸிலிருந்து வயதானவரை இறக்குவதுபோல, பக்குவமாக இறக்கி இந்தப் பக்கம் விட்டாள். பிறகு, அட்டையை அவர் கையிலேயே விட்டுவிட்டு, தன் கதையைச் சொல்லக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.